எழுத்தறிவும் மக்கள்தொகை வளர்ச்சியும்: ஓர் அட்டவணை சொல்வதும் சொல்லாததும்

2021இல் நடந்திருக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தள்ளிப்போய், இப்போது 2027 மார்ச் 1ஆம் தேதியை அடிப்படை நாளாகக் கொண்டு நடத்தப்படும் என்று ஒன்றிய அரசு அறிவித்திருக்கிறது. அதையொட்டி, தொகுதி மறுவரையறை பற்றிய விவாதம் சூடுபிடிக்கும் போதெல்லாம் ஒரு சிறிய அட்டவணை சுற்றுக்கு வருகிறது. அதில் ஒரு பத்தியில் மாநிலங்களின் எழுத்தறிவு விகிதமும் அடுத்த பத்தியில் பத்தாண்டு மக்கள்தொகை வளர்ச்சியும் இருக்கும். "படித்த மாநிலம் மக்கள்தொகையைக் கட்டுப்படுத்தியது, படிக்காத மாநிலம் பெருகியது" என்பது அதன்கீழ் வழக்கமாக எழுதப்படும் முடிவு. போட்டித் தேர்வுகளிலும் இதே அட்டவணையைக் கொடுத்து, இதிலிருந்து என்ன தெரிகிறது என்று கேட்கிறார்கள்.

அந்த முடிவு முற்றிலும் தவறு என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த இரண்டு பத்திகளை மட்டும் வைத்துக்கொண்டு அதை நிறுவவும் முடியாது. ஏன் என்பதை, கடைசியாக வெளிவந்த 2011 கணக்கெடுப்பின் எண்களைக் கொண்டே பார்க்கலாம்.

## அட்டவணை

எல்லா மாநிலங்களையும் அடுக்கினால் கண் குழம்பும் என்பதால் ஐந்து மாநிலங்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஆந்திரம் என்பது தெலங்கானா பிரிவதற்கு முந்தைய ஒன்றுபட்ட மாநிலம். கடைசிப் பத்தியில் உள்ள மொத்தக் கருவள விகிதம், ஒரு பெண் தன் வாழ்நாளில் சராசரியாகப் பெறும் பிள்ளைகளின் எண்ணிக்கையைக் குறிக்கும். அது கணக்கெடுப்பிலிருந்து வந்ததன்று. ஆண்டுதோறும் வெளியாகும் மாதிரிப் பதிவு முறையின் 2011ஆம் ஆண்டு அறிக்கையிலிருந்து எடுத்தது.

| மாநிலம் | எழுத்தறிவு % | பெண் எழுத்தறிவு % | 2001–2011 வளர்ச்சி % | கருவள விகிதம் |
|---|---|---|---|---|
| கேரளம் | 94.0 | 92.1 | 4.9 | 1.8 |
| தமிழ்நாடு | 80.1 | 73.4 | 15.6 | 1.7 |
| உத்தரப் பிரதேசம் | 67.7 | 57.2 | 20.2 | 3.4 |
| ஆந்திரம் | 67.0 | 59.1 | 11.0 | 1.8 |
| பீகார் | 61.8 | 51.5 | 25.4 | 3.6 |
| இந்தியா | 73.0 | 64.6 | 17.7 | 2.4 |

கேரளத்தையும் பீகாரையும் மட்டும் பார்த்தால் வாதம் கச்சிதமாகப் பொருந்துகிறது. சிக்கல் நடுவில் இருக்கிறது. உத்தரப் பிரதேசமும் ஆந்திரமும் எழுத்தறிவில் ஏறத்தாழச் சமம். ஆனால் வளர்ச்சியில் ஒன்று மற்றதைப் போல் இரு மடங்கை நெருங்குகிறது. தமிழ்நாட்டின் எழுத்தறிவு ஆந்திரத்தைவிட 13 புள்ளி அதிகம். அப்படியிருந்தும் தமிழ்நாட்டு மக்கள்தொகைதான் ஆந்திரத்தைவிட வேகமாக வளர்ந்திருக்கிறது. இந்த இரண்டு முரண்களையும் விளக்காத எந்த முடிவும் அட்டவணையின் இரு முனைகளை மட்டும் படித்த முடிவுதான்.

## எழுத்தறிவு என்று எதை எண்ணுகிறார்கள்?

கணக்கெடுப்பின் வரையறைப்படி, ஏழு வயது நிறைந்த ஒருவர் ஏதேனும் ஒரு மொழியில் பொருள் புரிந்து படிக்கவும் எழுதவும் முடிந்தால் அவர் எழுத்தறிவு பெற்றவர். படிக்க மட்டும் தெரிந்து எழுதத் தெரியாதவர் இதில் சேரமாட்டார். பள்ளிக்குப் போயிருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஏழு வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளை முதல் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தாலும் எழுத்தறிவு பெறாதவராகவே பதியப்படும்.

கணக்கெடுப்பாளர் வாசலில் நின்று யாரையும் படித்துக் காட்டச் சொல்வதில்லை. வீட்டில் இருப்பவர், பெரும்பாலும் குடும்பத் தலைவர், ஒவ்வொருவரைப் பற்றியும் சொல்லும் பதிலே பதிவாகிறது. "அம்மாவுக்குப் படிக்கத் தெரியுமா?" என்ற கேள்விக்குக் கையெழுத்துப் போடத் தெரிந்ததையே சிலர் "தெரியும்" என்று சொல்லிவிடுவது உண்டு. எனவே இந்த எண் ஒரு தேர்வின் முடிவன்று, ஒரு வாய்மொழித் தகவலின் தொகுப்பு.

இங்கே பலரை வழுக்கிவிடும் இடம் வகுக்கும் எண். எழுத்தறிவு பெற்றோரை ஏழு வயதுக்கு மேற்பட்டோரின் எண்ணிக்கையால் வகுத்தால் வருவது அதிகாரபூர்வ விகிதம். மொத்த மக்கள்தொகையால் வகுத்தால் வருவது செப்பமற்ற விகிதம். பீகாரில் 2011இல் மொத்த மக்கள் 10.41 கோடி. அவர்களில் 0–6 வயதுக் குழந்தைகள் 1.91 கோடி. எழுத்தறிவு பெற்றோர் 5.25 கோடி.

```
5.25 ÷ (10.41 − 1.91) × 100 = 61.8
5.25 ÷ 10.41 × 100 = 50.4
```

ஒரே மாநிலம், ஒரே ஆண்டு. இடையே பதினொரு புள்ளி வேறுபாடு. கேரளத்துக்கு இதே கணக்கைப் போட்டால் 94.0, 84.2 என்று வரும். அங்கே இடைவெளி பத்துக்கும் குறைவு. இடைவெளி ஏன் பீகாரில் அதிகம் என்றால், அங்கே பிறப்புகள் அதிகம், ஆகவே மொத்த மக்களில் குழந்தைகளின் பங்கும் அதிகம். அதாவது, செப்பமற்ற விகிதத்தின் உள்ளேயே பிறப்பு விகிதம் ஒளிந்திருக்கிறது. அந்த விகிதத்தை எடுத்து மக்கள்தொகை வளர்ச்சியோடு ஒப்பிட்டு, "பார், எதிர்மறைத் தொடர்பு" என்று காட்டினால், அத்தொடர்பில் ஒரு பகுதி நாம் வகுத்த விதத்திலிருந்தே வந்தது. மொத்த எண்களை இறக்கித் தாமே வகுத்துக்கொள்ளும் ஆர்வலர்களிடம் இந்தப் பிழையை அடிக்கடி காணலாம். பழைய கணக்கெடுப்புகளோடு ஒப்பிடுவோர் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: ஏழு வயது என்ற எல்லை 1991இல்தான் வந்தது, அதற்கு முன் ஐந்து வயது.

வகுத்தல் சரியாக இருந்தாலும் ஓர் அடிப்படைப் பொருத்தமின்மை எஞ்சுகிறது. எழுத்தறிவு விகிதம் ஏழு வயதுச் சிறுவனையும் எழுபது வயது மூதாட்டியையும் ஒன்றாகச் சேர்த்து எண்ணுகிறது. பிள்ளை பெறுவது இவர்களில் ஒரு பகுதியினர்தான், அதாவது 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்கள். மாநிலத்தின் எழுத்தறிவு 67 என்பது, அந்தப் பத்தாண்டில் தாயானவர்களில் எத்தனை பேர் படித்தவர்கள் என்பதைச் சொல்லாது.

## வளர்ச்சி விகிதத்துக்குள் இருப்பவை

பத்தாண்டு வளர்ச்சியைக் கணக்கிடுவது எளிது.

```
(P2 − P1) ÷ P1 × 100
```

இதில் P1 முந்தைய கணக்கெடுப்பின் மக்கள்தொகை, P2 இப்போதையது. எளிமைதான் இதன் ஆபத்தும். இந்த ஒற்றை எண்ணில் நான்கு வெவ்வேறு நிகழ்வுகள் கலந்திருக்கின்றன: பிறப்பு, இறப்பு, உள்வரவு, வெளியேற்றம். எழுத்தறிவு நேரடியாகத் தொடக்கூடியது முதலாவதை மட்டுமே, இரண்டாவதை ஓரளவு. மற்ற இரண்டும் வேலை எங்கே கிடைக்கிறது என்பதைப் பொறுத்தவை.

தமிழ்நாட்டுக்குள்ளேயே இதைக் காணலாம். 2011இல் நீலகிரி மாவட்டத்தின் எழுத்தறிவு 85.2, அன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்தின் எழுத்தறிவு 84.5. இரண்டுக்கும் இடையே ஒரு புள்ளிகூட வேறுபாடில்லை. ஆனால் 2001–2011இல் காஞ்சிபுரம் மாவட்டத்தின் மக்கள்தொகை 39 விழுக்காடு கூடியது. நீலகிரியின் மக்கள்தொகை 3.5 விழுக்காடு குறைந்தது. காஞ்சிபுரத்துப் பெண்கள் திடீரென்று பிள்ளைகளைப் பெற்றுக் குவிக்கவில்லை. சென்னையின் தெற்குப் புறநகரும் திருப்பெரும்புதூர் வட்டாரத் தொழிற்சாலைகளும் அந்த மாவட்ட எல்லைக்குள் இருந்தன.

இனி, அட்டவணையின் இரண்டு முரண்களில் தமிழ்நாடு பற்றியதை முதலில் எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டின் வளர்ச்சி 1991–2001இல் 11.7 விழுக்காடாக இருந்தது; 2001–2011இல் அது 15.6 ஆக ஏறியது. அதே காலத்தில் எழுத்தறிவு 73இலிருந்து 80க்கு உயர்ந்தது. மேலோட்டமாகப் பார்த்தால், எழுத்தறிவு கூடக் கூட வளர்ச்சியும் கூடியிருக்கிறது! இதைப் படிப்படியாகப் பிரித்துப் பார்ப்போம்.

1. 2001இல் தமிழ்நாட்டில் ஆயிரம் பேருக்குச் சுமார் 19 பிறப்புகளும் ஏழெட்டு இறப்புகளும் பதிவாயின. 2011இல் பிறப்பு 15.9, இறப்பு 7.4. அதாவது பிறப்பிலிருந்து இறப்பைக் கழித்த இயற்கை வளர்ச்சி, ஆயிரத்துக்குப் பதினொன்றரை அளவிலிருந்து எட்டரைக்கு இறங்கியது.

2. பத்தாண்டின் சராசரியை ஆயிரத்துக்குப் பத்து, அதாவது ஆண்டுக்கு ஒரு விழுக்காடு என்று வைத்துக்கொண்டால், 2001இல் இருந்த 6.24 கோடி மக்கள் 2011இல் ஏறத்தாழ 6.89 கோடி ஆகியிருக்க வேண்டும்.

3. கணக்கெடுப்பு கண்டதோ 7.21 கோடி. இடைவெளி ஏறத்தாழ 32 லட்சம்.

அந்த 32 லட்சம் பேர் பிறப்பால் வந்தவர்கள் அல்லர். ஒரு பகுதியினர் வேலை தேடி வந்தவர்கள். திருப்பூரின் பின்னலாடை நிறுவனங்களிலும் கோவை, சென்னைக் கட்டுமான இடங்களிலும் அவர்களை எவரும் கண்ணால் பார்த்தார்கள். இன்னொரு பகுதி 2001 கணக்கெடுப்பில் விடுபட்டவர்களாக இருக்க வாய்ப்பு உண்டு. இந்த ஐயம் கற்பனையன்று: கணக்கெடுப்பு முடிந்தபின் நடத்தும் சரிபார்ப்பு ஆய்வில், நாடு முழுவதும் ஆயிரத்துக்கு 23 பேர் விடுபட்டதாக 2001இலும் 2011இலும் கண்டறியப்பட்டது. விடுபடல் எல்லா மாநிலங்களிலும் சமமாக இருப்பதில்லை. முதல் கணக்கெடுப்பில் கூடுதலாக விடுபட்டு அடுத்ததில் ஒழுங்காக எண்ணப்பட்டால், இல்லாத வளர்ச்சி தாளில் தோன்றும்.

நாகாலாந்தில் நடந்தது இதன் தலைகீழ். அங்கே 1991–2001இல் 64.5 விழுக்காடு வளர்ச்சி பதிவானது. அடுத்த பத்தாண்டில் அதுவே மைனஸ் 0.6 ஆனது. எந்த எழுத்தறிவு இயக்கமும் ஒரு மாநிலத்தை இப்படித் திருப்பிப் போட்டுவிடாது. 2001இல் எண்ணிக்கை மிகையாக ஏற்றப்பட்டிருந்தது. 2011இல் அது இறங்கியது. ஓர் எண் பக்கத்திலுள்ள எண்களோடு ஒட்டாமல் தனித்து நின்றால், முதலில் ஐயப்பட வேண்டியது எண்ணிய விதத்தை. சமூகக் காரணங்களைத் தேடுவது அதற்குப் பிறகு.

வளர்ச்சி விகிதத்தை மயக்கும் இன்னொன்று வயது அமைப்பு. ஒரு பெண்ணுக்கு 2.1 பிள்ளைகள் என்பது பதிலீட்டு நிலை. பெற்றோர் இருவரின் இடத்தைப் பிள்ளைகள் இருவர் நிரப்பிவிடுவார்கள். கேரளம் 1980களின் இறுதியிலேயே இந்த நிலைக்கு வந்துவிட்டது. ஆயினும் அதன் மக்கள்தொகை 1991–2001இல் 9.4 விழுக்காடும் அதற்கடுத்த பத்தாண்டில் 4.9 விழுக்காடும் வளர்ந்தது. முன்பு அதிகம் பிறந்த தலைமுறை இப்போது பெற்றோராகும் வயதில் நிற்பதால், ஒவ்வொருவரும் இரண்டோடு நிறுத்தினாலும் மொத்தப் பிறப்புகள் இறப்புகளை மிஞ்சுகின்றன. ஓடும் வண்டி நிறுத்தியபின்பும் சிறிது தூரம் போவதைப் போன்றது இது. ஆகவே இன்றைய வளர்ச்சி விகிதத்தில் இன்றைய படிப்போடு முப்பது ஆண்டுகளுக்கு முந்தைய வாழ்க்கையும் சேர்ந்தே இருக்கிறது.

## ஆந்திரமும் உத்தரப் பிரதேசமும்

மற்ற முரண் இன்னும் கடினமானது. இடப்பெயர்ச்சியை ஒதுக்கிவிட்டுக் கருவள விகிதத்தையே எடுத்துக்கொண்டாலும், ஆந்திரத்தில் 1.8, உத்தரப் பிரதேசத்தில் 3.4. பெண் எழுத்தறிவில் உள்ள வேறுபாடோ இரண்டு புள்ளிதான். முன்பும் நிலை இதுதான்: 1991இல் ஆந்திரத்தின் எழுத்தறிவு 44, உத்தரப் பிரதேசத்தின் எழுத்தறிவு 42 அளவில் இருந்தது.

திருமண வயது காரணமாக இருக்குமோ என்று கேட்கலாம். 2005–06இல் நடந்த மூன்றாவது தேசிய குடும்ப நல ஆய்வின்படி, 20–24 வயதுப் பெண்களில் 18 வயதுக்கு முன்பே திருமணமானவர்கள் இரு மாநிலங்களிலும் பாதிக்கு மேல். ஆந்திரத்துப் பெண்கள் தாமதமாகத் திருமணம் செய்ததால் பிள்ளைகள் குறையவில்லை.

வேறுபாடு வேறோர் எண்ணில் தெரிகிறது. அதே ஆய்வில், குடும்பக் கட்டுப்பாட்டு அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள் திருமணமான பெண்களில் ஆந்திரத்தில் 63 விழுக்காடு. உத்தரப் பிரதேசத்தில் 17 விழுக்காடு. ஆந்திரத்தின் நாட்டுப்புறத்தில் ஒரு பெண்ணின் பாதை பெரும்பாலும் இப்படி அமைந்தது: பதினேழு, பதினெட்டில் திருமணம், அடுத்த நான்கைந்து ஆண்டுகளுக்குள் இரண்டு குழந்தைகள், இரண்டாவது பேறு முடிந்ததும் ஆரம்ப சுகாதார நிலையத்திலோ முகாமிலோ ஆபரேஷன். இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயதில் பிள்ளைப்பேறு முடிந்துவிடும். அவள் எழுதப் படிக்கத் தெரியாதவளாகவே இருக்கலாம். கருவள விகிதம் இரண்டுக்குக் கீழ் வந்துவிட்டது.

இதைக் கொள்கையின் வெற்றி என்று எழுதுவோர் உண்டு. அந்தச் சொல்லை இவ்வளவு எளிதாகத் தந்துவிட எனக்குத் தயக்கம். பிறப்பு குறைந்தது உண்மை. ஆனால் கல்வி ஒரு பெண்ணுக்குத் தரும் மற்றவை, அதாவது தாமதமான திருமணம், பிள்ளைகளுக்கு இடையே இடைவெளி, எந்தக் கருத்தடை முறை வேண்டும் என்ற தெரிவு ஆகியவை, இந்தப் பாதையில் கிடைக்கவில்லை. கருவள விகிதம் என்ற எண் இரு பாதைகளையும் வேறுபடுத்திக் காட்டாது. கேரளமும் ஆந்திரமும் 2011இல் ஒரே 1.8இல் நின்றன, அங்கே வந்து சேர்ந்த வழிகள் வேறு.

ஆந்திரத்துக்கும் உத்தரப் பிரதேசத்துக்கும் இடையே இருந்த இடைவெளி நிலையானதும் அன்று. 2019–21இல் நடந்த ஐந்தாவது குடும்ப நல ஆய்வில் உத்தரப் பிரதேசத்தின் கருவள விகிதம் 2.4. மூன்றாவது ஆய்வில் அது 3.8. பதினைந்து ஆண்டுகளில் ஏற்பட்ட இந்த இறக்கத்தை 2011 அட்டவணையை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவர் அறியமாட்டார்.

## அப்படியென்றால் கல்விக்குத் தொடர்பே இல்லையா?

இருக்கிறது, ஆனால் அதைக் காண மாநிலச் சராசரியை விட்டுவிட்டுத் தனிப் பெண்ணிடம் போக வேண்டும். ஐந்தாவது குடும்ப நல ஆய்வின்படி, பள்ளிக்கே போகாத பெண்களின் கருவள விகிதம் 2.8; பன்னிரண்டு ஆண்டுகளும் அதற்கு மேலும் படித்தவர்களுடையது 1.8. ஒரு பெண்ணுக்கு ஒரு பிள்ளை வேறுபாடு. பொருளியலாளர்கள் ழான் திரேஸும் மம்தா மூர்த்தியும் 1981, 1991 கணக்கெடுப்புகளின் மாவட்ட எண்களைக் கொண்டு செய்த ஆய்விலும், பிறப்பு குறைவதற்கான காரணிகளில் பெண் கல்வியே வலுவானதாக வெளிப்பட்டது. அவர்கள் செய்த முக்கியமான காரியம், ஒரே மாவட்டத்தை இரு காலங்களில் ஒப்பிட்டது. அப்படிச் செய்யும்போது, அந்த வட்டாரத்துக்கே உரிய பழக்கவழக்கங்கள் இரு காலத்துக்கும் பொதுவாகிக் கணக்கிலிருந்து விலகிவிடுகின்றன. இரு பத்தி அட்டவணையில் இந்த வசதி இல்லை.

மாநில அளவில் காணும் தொடர்பைத் தனி மனிதருக்கு ஏற்றிச் சொல்வது புள்ளியியலில் பழைய பொறி. ஆந்திரத்தில் எழுத்தறிவற்ற பெண்களும் இரண்டு பிள்ளைகளோடு நிறுத்தினார்கள். ஊரில் பத்துப் பேர் சிறு குடும்பத்துக்கு மாறியபின், பதினோராவது பெண் அதைச் செய்யச் செய்தித்தாள் படிக்க வேண்டியதில்லை. பக்கத்து வீட்டைப் பார்த்தால் போதும்.

காரணத்தின் திசையையும் கவனிக்க வேண்டும். கல்வி பிறப்பைக் குறைக்கிறது என்று மட்டும் வாசிக்கிறோம். ஆனால் ஆறு பிள்ளைகள் உள்ள வீட்டில் மூத்த பெண் தம்பி தங்கைகளைத் தூக்கிக்கொண்டு நிற்பாள். இரண்டு பிள்ளைகள் உள்ள வீட்டில் அவள் பள்ளிக்குப் போவாள். பிறப்பு குறைந்ததால் எழுத்தறிவு உயர்ந்தது என்ற வாசிப்பும் அதே அட்டவணைக்குப் பொருந்தும். எது முந்தியது என்று அட்டவணை சொல்லாது.

கேள்விக்கு நெருக்கமான விடை கணக்கெடுப்பின் உள்ளேயே, ஆனால் எவரும் அதிகம் திறக்காத இடத்தில் இருக்கிறது. திருமணமான பெண்களிடம் இதுவரை எத்தனை குழந்தைகள் பிறந்தன, கடந்த ஓராண்டில் பிறந்ததுண்டா என்று கணக்கெடுப்பாளர் கேட்கிறார். அந்தப் பதில்களைத் தாயின் வயது, கல்வி நிலை வாரியாகப் பிரித்துத் தரும் அட்டவணைகள் F வரிசையில் வெளியாகின்றன. ஒத்த வயதுப் பெண்களை எடுத்துக்கொண்டு, அவர்களைக் கல்வி நிலை வாரியாகப் பிரித்துப் பிள்ளைகளின் சராசரியை ஒப்பிட்டால் முதியவர், சிறுவர், இடம்பெயர்ந்தோர் என்ற மூன்று கலப்படங்களும் பெரும்பாலும் நீங்கிவிடும்.

## எண்கள் கொள்கையாகும் இடம்

இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்று தோன்றலாம். எந்த எண்ணை வைத்து வாதிடுகிறோம் என்பதைப் பொறுத்து இடங்களும் பணமும் மாறுகின்றன. தமிழ்நாட்டையும் பீகாரையும் அருகருகே வைத்தால் இது தெளிவாகும்.

1971இல் தமிழ்நாட்டின் மக்கள்தொகை 4.12 கோடி. ஜார்க்கண்ட் நீங்கிய இன்றைய எல்லைக்குள் பீகாரின் மக்கள்தொகை 4.21 கோடி. ஏறத்தாழச் சமம். மக்களவையில் இன்று தமிழ்நாட்டுக்கு 39 இடமும் பீகாருக்கு 40 இடமும் இருப்பது அந்தச் சமநிலையின் தடம். 1976இல் 42ஆவது அரசமைப்புத் திருத்தம் மாநிலங்களுக்கான இடங்களை 1971 கணக்கெடுப்பில் உறையவைத்தது. 2001இல் 84ஆவது திருத்தம் அந்த உறைவை 2026க்குப் பிறகு எடுக்கப்படும் முதல் கணக்கெடுப்பு வரை நீட்டித்தது. மக்கள்தொகையைக் கட்டுப்படுத்தும் மாநிலம் அதனால் இடங்களை இழக்கக் கூடாது என்பதே இரண்டுக்கும் சொல்லப்பட்ட நோக்கம்.

2011இல் பீகார் 10.41 கோடி, தமிழ்நாடு 7.21 கோடி. மொத்த இடங்கள் 543 என்பதை மாற்றாமல், அந்த ஆண்டின் மக்கள்தொகை விகிதப்படி எளிய வகுத்தலைச் செய்தால், ஓர் இடத்துக்குச் சுமார் 22.3 லட்சம் பேர் வருவார்கள். தமிழ்நாட்டுக்கு 32, பீகாருக்கு 47. சிறிய மாநிலங்களுக்கான சலுகைகளை இதில் சேர்க்கவில்லை. இந்தக் கணக்கில் எழுத்தறிவும் இல்லை, கருவள விகிதமும் இல்லை. தலைகளின் எண்ணிக்கை மட்டுமே. திருப்பூருக்கு வேலைக்கு வந்து இங்கேயே எண்ணப்படும் பீகார்த் தொழிலாளி, இந்தக் கணக்கில் தமிழ்நாட்டின் தலை.

நிதிப் பங்கீடு வேறு எண்ணைக் கொண்டு நடந்தது. பதினைந்தாவது நிதிக்குழு, முந்தைய குழுக்கள் நீண்ட காலம் பயன்படுத்திய 1971 மக்கள்தொகையை விட்டுவிட்டு 2011க்கு மாறியது; அதற்கு 15 விழுக்காடு எடை கொடுத்தது. அதனால் பாதிக்கப்படும் மாநிலங்களுக்காக, மக்கள்தொகைச் செயல்பாடு என்ற புதிய அளவுகோலுக்கு 12.5 விழுக்காடு எடை வைத்தது. கருவள விகிதத்தின் தலைகீழ் எண்ணை 1971 மக்கள்தொகையால் பெருக்கி ஒவ்வொரு மாநிலத்தின் பங்கையும் கண்டார்கள். மேலே உள்ள அட்டவணையின் எண்களைக் கொண்டு விளக்கத்துக்காகப் போட்டால்:

```
தமிழ்நாடு: 4.12 ÷ 1.7 = 2.42
பீகார்: 4.21 ÷ 3.6 = 1.17
```

1971இல் சமமாக இருந்த இரு மாநிலங்களில், இந்த ஓர் அளவுகோலில் தமிழ்நாட்டின் பங்கு பீகாரின் பங்கைப் போல் இரு மடங்கு. நிதிக்குழு கருவள விகிதத்தைத் தேர்ந்ததில் ஒரு நியாயம் இருக்கிறது. பத்தாண்டு வளர்ச்சி விகிதத்தை எடுத்திருந்தால், தமிழ்நாட்டின் 15.6 நாட்டுச் சராசரியான 17.7இலிருந்து அதிகம் விலகியதாகத் தெரியாது. வேலை தேடி வந்தவர்களை ஏற்றுக்கொண்டதற்கே மதிப்பெண் குறைந்திருக்கும். கருவள விகிதத்திலோ 1.7க்கும் 2.4க்கும் உள்ள தூரம் ஐயத்துக்கு இடமில்லாதது. தமிழ்நாட்டின் தரப்பை எடுத்துப் பேசும் பலர் இன்னும் வளர்ச்சி விகித அட்டவணையையே கையில் வைத்திருப்பது, தம் வாதத்தின் வலுவான பாதியை வீட்டில் விட்டுவிட்டு வருவதற்கு ஒப்பு.

ஆந்திரத்தில் சட்டமே திரும்பிவிட்டது. இரண்டுக்கு மேல் பிள்ளைகள் உள்ளவர்கள் உள்ளாட்சித் தேர்தலில் போட்டியிடக் கூடாது என்று 1994இல் அம்மாநிலம் விதித்திருந்தது. கருவள விகிதம் 1.7க்கு இறங்கியபின், 2024 நவம்பரில் சட்டமன்றம் அந்த விதியை நீக்கியது. முதலமைச்சர் சந்திரபாபு நாயுடு, முதியோர் பெருகுவதைக் காரணமாகக் காட்டி, கூடுதல் பிள்ளைகள் பெற்றுக்கொள்ளுமாறு குடும்பங்களைக் கேட்டுக்கொண்டார். இருபத்து நான்கு வயதில் ஆபரேஷன் செய்துகொண்ட தலைமுறையின் பெண்கள் இப்போது நாற்பதுகளிலும் ஐம்பதுகளிலும் இருக்கிறார்கள். அந்த வேண்டுகோள் அவர்களின் மகள்களுக்கு. அம்மகள்கள் தாய்மாரைவிட அதிகம் படித்தவர்கள். 2027 கணக்கெடுப்பின் F வரிசை அட்டவணைகள் வரும்போது, முதலில் திறந்து பார்க்க வேண்டியது அவர்களுடைய வரிசையை.